ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள்: நைலோன் 6, நைலோன் 6,6, அமைலோசு, அமைலேசு

உயர்தர இரசாயனவியலில் பல்பகுதியங்கள், உயிர்மூலக்கூறுகள் பற்றிய பல்தேர்வு வினாக்களில் புள்ளி போவது பெரும்பாலும் பெயரால்தான். பாடம் தெரிந்த பிள்ளைகூட நைலோன் 6 ஐயும் நைலோன் 6,6 ஐயும் மாற்றிப் போடுகிறது. அமைலேசைக் காபோவைதரேற்று என்று எழுதுகிறது. இதற்கு மனப்பாடம் உதவாது. பெயரைக் கண்டதும் ஒருபகுதியத்தைக் கடதாசியில் வரைந்து, எந்தத் தொழிற்பாட்டுக் கூட்டங்கள் இருக்கின்றன, இணையும்போது என்ன வெளியேறுகிறது என்று பார்ப்பதுதான் வழி.

முதலில் சங்கிலியின் முதுகெலும்பைப் பாருங்கள்

முதுகெலும்பு முழுவதும் காபன் அணுக்களாக இருந்தால் அது பெரும்பாலும் கூட்டற் பல்பகுதியம். பொலிதீன், பீவீசீ, பொலிசுற்றைரீன், ரெப்லோன் எல்லாம் இந்த வகை. ஒருபகுதியத்தில் இருந்த C=C உடைந்து அடுத்த மூலக்கூறோடு சேர்கிறது; எதுவும் வெளியேறுவதில்லை. முதுகெலும்பின் நடுவே ஒட்சிசனோ நைதரசனோ வந்தால், அதாவது எசுத்தர் அல்லது ஏமைட்டுப் பிணைப்பு இருந்தால், ஒடுங்கற் பல்பகுதியமாக்கலை எதிர்பாருங்கள். பொலிதீனின் ஒருபகுதியம் எதீன்தான் என்றாலும் பொலிதீன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு மீதமில்லை என்பதையும் இங்கேயே மனதில் வையுங்கள். புரோமீன் நீரை நிறமிழக்கச் செய்யுமா என்று அடுத்த வரியிலேயே கேட்டுவிடுவார்கள்.

நைலோன்: இலக்கங்கள் எதை எண்ணுகின்றன?

நைலோன் 6,6 இல் இரண்டு ஒருபகுதியங்கள் உண்டு. முதல் 6 ஈரமீனில் உள்ள காபன்கள்: H2N-(CH2)6-NH2. இரண்டாவது 6 ஈரமிலத்தில் உள்ள காபன்கள்: HOOC-(CH2)4-COOH. அதிகம் பிழை விடும் இடம் இந்த இரண்டாவது சூத்திரம். ஆறு என்று கண்டதும் (CH2)6 எழுதிவிடுகிறார்கள். இரண்டு COOH கூட்டங்களிலும் உள்ள காபன்கள் அந்த ஆறுக்குள்ளேயே அடங்குவதால் நடுவில் நான்கு CH2 மட்டுமே வரும். இதே கணக்கில் நைலோன் 6,10 க்கு அமிலத்தின் நடுவில் எட்டு CH2 வேண்டும்.

நைலோன் 6 இல் ஒரே ஒரு ஒருபகுதியம்தான். அமீனும் அமிலமும் ஒரே மூலக்கூறின் இரு முனைகளில் இருப்பதாக, H2N-(CH2)5-COOH என்று வரையலாம். ஆலையில் இதை அப்படிச் செய்வதில்லை. கப்ரோலக்டம் என்ற வளையச் சேர்வையைத் திறந்து செய்கிறார்கள். வினாவில் எந்தத் தொடக்கப்பொருள் தரப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதால், திணிவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

```
நைலோன் 6,6 : 116 + 146 - (2 × 18) = 226
நைலோன் 6   : 131 - 18 = 113
கப்ரோலக்டம் C6H11NO = 113
```

அமினோ அமிலத்திலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு போகிறது, அது ஒடுங்கல். கப்ரோலக்டத்தின் திணிவோ மீண்டுவரும் அலகின் திணிவுக்குச் சமம். அப்படியென்றால் வளையம் திறந்து சங்கிலியாகும்போது நிகரமாக நீர் எதுவும் வெளியேறவில்லை. "நைலோன் என்றால் எப்போதும் நீர் வெளியேறும்" என்ற கூற்று இந்த இடத்தில்தான் பிழைத்துப்போகிறது.

மேலே உள்ள 226 சரியாக 113 இன் இரண்டு மடங்கு. இரண்டு நைலோன்களுக்கும் அனுபவச் சூத்திரம் ஒன்றே, C6H11NO. ஆகவே குருநகர் மீன்வலைத் துண்டொன்றின் மூலக வீதங்களை அளந்து அது எந்த நைலோன் என்று சொல்ல முடியாது. உருகுநிலை காட்டிக்கொடுக்கும்: நைலோன் 6 ஏறத்தாழ 220 °C இலும் நைலோன் 6,6 ஏறத்தாழ 265 °C இலும் உருகும். முதலில் வந்தது 1935 இல் கரோதர்சின் குழு செய்த நைலோன் 6,6. நைலோன் 6 ஐ 1938 இல் ஜேர்மனியில் போல் சிலாக் செய்தார்.

அமைலோசும் அமைலேசும்

பெயரின் கடைசி அசையைப் பாருங்கள். "ஓசு" என்று முடிந்தால் காபோவைதரேற்று. "ஏசு" என்று முடிந்தால் நொதியம், அதாவது பெரும்பாலும் புரதம். அமைலோசின் ஒருபகுதியம் α-குளுக்கோசு, பிணைப்பு α-1,4. அமைலேசின் ஒருபகுதியங்கள் அமினோ அமிலங்கள், பிணைப்பு பெப்தைட்டு. முதலாவதை இரண்டாவது வெட்டுகிறது. இலக்டோசு-இலக்டேசு, செலுலோசு-செலுலேசு சோடிகளும் இப்படியே.

இதை ஒடியல் மாவில் செய்து பார்த்தால் பிறகு மறக்காது. 1 கிராம் மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 100 மில்லிலீற்றர் நீரில் ஊற்றிக் கிளறுங்கள். மாவை நேரே கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் பசையாகி உள்ளே உலர்மா அடைபட்டுவிடும். ஒடியலில் நார் இருப்பதால் மெல்லிய துணியில் வடித்து, நன்றாக ஆறவிடுங்கள். இப்போது ஐதாக்கிய அயடீன் ஒரு துளி விட்டால் கருநீலம் வரும். அமைலோசின் சுருளுக்குள் அயடீன் நுழைவதால் வரும் நிறம் அது. கரைசல் சூடாக இருந்தால் நிறம் வராது. மாப்பொருள் இல்லை என்று முடிவெடுத்துவிடாதீர்கள், ஆறினால் நிறம் தோன்றும்.

அடுத்து அயடீன் விடாத கரைசலில் 5 மில்லிலீற்றரை எடுத்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டில், ஏறத்தாழ 37 °C இல் வைத்து, 1 மில்லிலீற்றர் உமிழ்நீர் சேர்க்கவும். நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு துளியை வெள்ளை ஓட்டில் எடுத்து அயடீனோடு தொடுங்கள். நீலம் மங்கி, ஊதாவும் பழுப்பும் ஆகி, கடைசியில் அயடீனின் மஞ்சள் மட்டும் நிற்கும். சங்கிலி குறுகக் குறுக அயடீனைப் பிடிக்கும் சுருளின் நீளம் போதாமல் போகிறது. ஒப்பீட்டுக்கு, கொதிக்கவைத்து ஆறவைத்த உமிழ்நீரோடு இன்னொரு குழாயும் வையுங்கள். அதில் நீலம் மாறாது, ஏனென்றால் வெப்பத்தில் அமைலேசு இயல்பிழந்துவிட்டது. இரண்டு குழாயிலும் நீலம் மாறாமலே நின்றால், உமிழ்நீரைச் சூடு ஆறாத கரைசலில் ஊற்றினீர்களா என்று முதலில் பாருங்கள்.

மாப்பொருளில் அமைலோபெக்தினும் உண்டு. பெயரில் பெக்தின் இருந்தாலும் அது பழப்பாகை உறையவைக்கும் பெக்தின் அல்ல. ஒருபகுதியம் குளுக்கோசேதான், ஆனால் α-1,6 கிளைகள் உண்டு, அயடீனோடு செவ்வூதா தரும். செலுலோசில் β-1,4 பிணைப்பு இருப்பதால் அமைலேசு அதைத் தொடாது. வடிதுணியில் தங்கிய ஒடியல் நாருக்கு எவ்வளவு உமிழ்நீர் விட்டாலும் அது கரையப்போவதில்லை.

நீரை எண்ணும் வினா

n குளுக்கோசு நேர்ச்சங்கிலியாக இணைந்தால் வெளியேறும் நீர் n − 1. 500 குளுக்கோசு கொண்ட அமைலோசுச் சங்கிலி ஒன்றின் சார் மூலக்கூற்றுத் திணிவு:

```
500 × 180 - 499 × 18 = 90000 - 8982 = 81018
```

500 × 18 ஐக் கழித்தால் 81000 வரும். அந்த 18, சங்கிலியின் இரு முனைகளிலும் மீதமிருக்கும் H உம் OH உம் ஆகும்.

கிளைக்கோசன், குளுக்காகன், கிளைசீன் மூன்றும் ஒரே வினாவில் வந்தால் இதே எண்ணும் முறை கைகொடுக்கும். கிளைக்கோசன், குளுக்கோசால் ஆன கிளைத்த பல்பகுதியம். கிளைசீன் மிகச் சிறிய அமினோ அமிலம், H2N-CH2-COOH. குளுக்காகன் பெயரில் குளுக்கோசின் சாயல் இருந்தாலும் அது 29 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி ஓமோன். அதை முழுமையாக நீர்ப்பகுத்தால் 28 பெப்தைட்டுப் பிணைப்புகள் உடைந்து 28 நீர் மூலக்கூறுகள் செலவாகும். கிடைக்கும் கலவையில் குளுக்கோசு ஒன்றுகூட இருக்காது.