கம்பியில் இருப்பது எது? வடக்கே போகிறவர்களுக்குப் பறவை அடையாளம்

கோடை விடுமுறைக்கோ நத்தாருக்கோ ஊருக்குப் போகிறவர்கள் வடக்கின் பறவைகளை முதலில் பார்ப்பது வானின் யன்னல் வழியாகத்தான். ஏ9 வீதியிலும் மன்னார் வீதியிலும் மின்கம்பிகள் மணிக்கணக்காகக் கூடவே வரும். அவற்றில் இருப்பவை பெரும்பாலும் காகமும் புறாவும். மிச்சத்தில் கரிச்சான், பஞ்சுருட்டான், பனங்காடை மூன்றும் அடிக்கடி வரும், கொண்டலாத்தி எப்போதாவது. நிறத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போனாலும் அங்கே எல்லாம் கறுப்பாகத் தெரிகிறதே என்று பலர் சலித்துக்கொள்வார்கள். வெளிச்சமான வானத்துக்கு எதிரே பார்த்தால் பச்சையும் கறுப்புத்தான், நீலமும் கறுப்புத்தான். அதனால் முதலில் வாலைப் பாருங்கள், பிறகு உருவத்தை, அதன் பிறகு பறவை கம்பியை விட்டு எப்படி இறங்குகிறது என்பதை. நிறம் கடைசியில்.

இருக்கை பிடிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஏ9 தெற்கு வடக்காகப் போகிறது. காலையில் யாழ்ப்பாணம் நோக்கிப் போனால் வானின் இடப்பக்கம் உட்காருங்கள். கிழக்கு வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, மேற்குப் பக்கக் கம்பியில் இருக்கிற பறவையின் மார்பில் விழும். மாலையில் அதே திசையில் போனால் வலப்பக்கம். மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகிற வீதி மேற்கு வடமேற்காக ஓடுவதால், காலைப் பயணத்தில் முன்னால் தெரிவதெல்லாம் நல்ல வெளிச்சத்தில் இருக்கும். நண்பகலில் எங்கிருந்து பார்த்தாலும் பயனில்லை, பறவைகளும் நிழலுக்குள் போய்விடும். எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி தாராளம். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் பெருகும்.

சிறிய உருவத்திலிருந்து தொடங்குவோம். சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் நீளம், மெல்லிய உடல், கீழ்நோக்கி வளைந்த ஊசி அலகு, வாலின் நடுவிலிருந்து கம்பி மாதிரி நீளும் இரண்டு இறகு முனை: இது பச்சைப் பஞ்சுருட்டான். வேலி, முட்புதரின் உச்சி, தாழ்வான தொலைபேசிக் கம்பி எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். திடீரென்று எழும்பி, காற்றில் ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு, சிறகை விரித்து மிதந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து உட்காரும். பிடித்தது தேனீ என்றால் உடனே விழுங்காது. கம்பியில் இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்து, வால் பக்கத்தைத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். வான் நின்றிருக்கும்போது இதைப் பார்க்க வாய்த்தால் அந்த அடியே அடையாளம். வெளிச்சம் நன்றாக இருந்தால் உச்சந்தலையில் செம்பொன் சாயல், கண்ணைக் கடந்து போகும் கறுப்புக் கோடு, கழுத்தில் மெல்லிய கறுப்பு மாலை எல்லாம் தெரியும்.

அதன் உறவு நீலவால் பஞ்சுருட்டான். பருமனாக இருக்கும், உயரமான கம்பியையே விரும்பும், தொண்டையில் செம்பழுப்பு, வால் முழுவதும் நீலம். இலங்கையில் இது பெரும்பாலும் குளிர்கால வருகையாளி, செப்டம்பர் ஒக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரலில் போய்விடும். இங்கே பயணத் தேதி உதவுகிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வடக்கில் ஒரு பஞ்சுருட்டானைக் கண்டால் அநேகமாகப் பச்சைதான். நத்தார், பொங்கல் காலமென்றால் இரண்டும் ஒரே கம்பியில் இருக்கலாம். அப்போது பின்முதுகையும் வாலையும் பார்க்காமல் பெயர் சொல்லாதீர்கள். இன்னொன்று, கூட்டை விட்டு வந்து அதிக நாளாகாத குஞ்சுகளுக்கு வால் ஊசியும் இருக்காது, கழுத்து மாலையும் இருக்காது. ஊசி இல்லை என்பதற்காகப் பஞ்சுருட்டான் இல்லையென்று தள்ளிவிட வேண்டாம். வளைந்த அலகு பொய் சொல்லாது.

அடுத்து பனங்காடை. நால்வரில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். படங்களில் நீலம் கண்ணைப் பறிக்கும். கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மங்கிய மண்பழுப்பு நிறத்தில், தலை பெருத்து, கழுத்தே இல்லாமல், தோளைக் குறுக்கிக்கொண்டு இருக்கிற ஒரு தடித்த உருவம். நீளம் ஏறத்தாழ ஒரு அடி. தொண்டையிலும் மார்பிலும் ஊதா கலந்த பழுப்பில் வெள்ளைக் கீறல்கள். பத்து நிமிடம் அசையாமல் இருக்கும், பிள்ளைகள் சலித்துப் போவார்கள். அப்புறம் ஒரு வெட்டுக்கிளிக்காக வயலுக்குள் பாய்ந்து இறங்கும்போது சிறகு விரியும், கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாகத் தெரியும். இந்த ஒரு கணத்துக்காகக் காத்திருப்பதுதான் பனங்காடையைப் பார்க்கும் வழி. பஞ்சுருட்டான் காற்றில் பிடிக்கும், பனங்காடை பெரும்பாலும் நிலத்தில் பிடிக்கும். தலை மேலே வானம் வெளுத்திருந்தாலும் இந்த வித்தியாசம் தெரியும்.

பனங்காடையைக் குழப்புகிறது இன்னொரு நீலப் பறவை, வெண்தொண்டை மீன்கொத்தி. மீன்கொத்தி என்றால் தண்ணீர் ஓரம்தான் என்று நினைக்காதீர்கள். இது வயல் நடுவிலும் வீதியோரக் கம்பியிலும் இருந்து பூச்சியும் ஓணானும் பிடிக்கும். அலகைப் பார்த்தால் போதும்: நீண்டு தடித்த சிவப்பு அலகு என்றால் மீன்கொத்தி, கறுத்த, கட்டையான அலகு என்றால் பனங்காடை. மீன்கொத்தியின் தலை சொக்லேட் நிறம், தொண்டையிலிருந்து மார்பு வரை தூய வெள்ளை. யாழ் குடாநாட்டிலும் பளைப் பக்கத்திலும் தலை போன பட்ட பனைகள் நிற்கிற இடங்களில் பனங்காடையைத் தேடுங்கள். அந்த மரத்துப் பொந்துகளில் அது கூடு வைக்கும்.

சரி, கரிச்சான். ஊரில் இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். கூர்ந்து நிமிர்ந்த இருப்பு, உடலோடு ஒப்பிட்டால் மிக நீளமான வால், முனையில் இரண்டாகப் பிரிந்து வெளிப்பக்கம் வளைந்திருக்கும். வானத்துக்கு எதிரே பார்த்தாலும் இந்த வாலை வேறு எதுவோடும் குழப்ப முடியாது. குயில் ஆணும் கறுப்புத்தான், வாலும் நீளம்தான், ஆனால் முனை உருண்டையாக இருக்கும், பிளவு கிடையாது. அது கம்பியில் இருப்பதும் அரிது, இலைக்குள் ஒளியும். கரிச்சானோ வெளியில் தெரியத்தான் உட்காரும். காகத்தை விடச் சிறியது, ஆனாலும் கூட்டுப் பக்கம் வருகிற காகத்தையும் பருந்தையும் முதுகில் ஏறிக் கொத்தித் துரத்தும். மாட்டின் முதுகில் சவாரி செய்து, மாடு கிளப்புகிற பூச்சியைப் பிடிக்கும். மன்னாரில் மேய்கிற கழுதைகளின் பக்கத்திலும் பாருங்கள்.

வடக்குக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சுவை உண்டு. இந்த முழுக் கறுப்புக் கரிச்சான் தமிழ்நாட்டில் வயலுக்கு வயல் இருக்கிற பறவை. இலங்கையில் அது யாழ்ப்பாணம், மன்னார், வடமேற்குக் கரை என்று வறண்ட வெளிகளோடு நின்றுவிடுகிறது. அதற்கு வெளியே காணக்கூடியது வெள்வயிற்றுக் கரிச்சான். வவுனியாவுக்கு முன்னும் பின்னும் காடு தழுவிய வீதியில் அதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். முதுகு கரும்சாம்பல், மார்பு சாம்பல், வயிறு வெள்ளை.

இங்கேதான் பிழை வரும். இளம் கறுப்புக் கரிச்சானின் வயிற்றில் வெள்ளைச் செதில்கள் இருக்கும். ஓடுகிற வானிலிருந்து பார்த்து வெள்வயிற்றுக் கரிச்சான் என்று எழுதிவிடுவார்கள். வெள்வயிற்றுக் கரிச்சானில் வெள்ளை ஒரே பரப்பாக, சாம்பல் மார்புக்குக் கீழே தெளிவாக ஆரம்பிக்கும். இளங்கரிச்சானில் அது திட்டுத்திட்டாக, கறுப்புக்கு நடுவே சிதறிக் கிடக்கும். வளர்ந்த கறுப்புக் கரிச்சானை அருகில் பார்த்தால் வாயோரத்தில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். இறகு உதிர்க்கும் காலத்தில் வாலே குட்டையாகி, பிளவு மறைந்துவிடவும் கூடும். அப்படிப்பட்ட பறவையைக் கண்டால் கொஞ்சம் காத்திருந்து அது எப்படி வேட்டையாடுகிறது என்று பாருங்கள், அல்லது அடுத்த கம்பத்துக்குப் போய்விடுங்கள்.

கொண்டலாத்தியைக் கம்பியில் தேடினால் நாள் வீணாகும். அது நிலத்துப் பறவை. கோயில் வீதி, விளையாட்டு மைதானம், புல் குட்டையான வெளி ஆகிய இடங்களில் குறுநடை போட்டு, நீண்டு வளைந்த அலகை மண்ணுக்குள் குத்திப் புழு தேடும். நாம் அருகே போனால் எழும்பி ஒரு மொட்டைக் கிளைக்கு வரும். உட்கார்ந்ததும் கொண்டையை விசிறி போல விரித்து மடிக்கும். மடித்திருந்தால் தலை ஒரு சுத்தியல்: முன்னால் அலகு, பின்னால் கொண்டை. இறக்கையிலும் முதுகிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள், மற்ற உடல் வெளிர் செம்மண் நிறம். பறப்பது வண்ணத்துப்பூச்சி போலத் தயங்கித் தயங்கி. கொண்டை இருக்கிறதே என்று இதை மரங்கொத்தி என்பவர்கள் உண்டு. வடக்கின் பொன்முதுகு மரங்கொத்திக்குச் சிவப்புக் கொண்டை, நேரான அலகு. அது தண்டில் நெஞ்சை ஒட்டிச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளும், நிலத்தில் நடைபோடாது.

இதையெல்லாம் ஒரு கம்பியில் வைத்துப் பார்ப்போம். ஒரு டிசம்பர் காலை ஏழரை மணி, மன்னாரை நெருங்குகிற வீதி. இரண்டு கம்பங்களுக்கு நடுவே நான்கு உருவங்கள். முதலாவது குண்டு, பெருந்தலை, அசைவில்லை. அலகு கறுப்பு, ஆகவே மீன்கொத்தி இல்லை. பனங்காடை என்று வைத்துக்கொண்டு, இறங்கும்வரை கண்ணை எடுக்காமல் இருங்கள். இரண்டாவதன் வால் கத்தரிக்கோல் போல் பிளந்திருக்கிறது, வயிறும் கறுப்பு, கரிச்சான். மூன்றாவதும் நான்காவதும் ஒல்லி, வாலில் ஊசி. ஒன்று எழும்பிப் போய்த் திரும்பி வந்து உட்காரும்போது முதுகைக் காட்டுகிறது. வால் பச்சை, பச்சைப் பஞ்சுருட்டான். மற்றது கொஞ்சம் பெரிது, உயரே நெடுந்தூரம் வட்டமிட்டுப் பறந்து திரும்பவே இல்லை. வால் நிறத்தைக் கவனிக்கத் தவறினால் குறிப்பேட்டில் ‘பஞ்சுருட்டான், எது என்று தெரியவில்லை’ என்று எழுதுங்கள். குளிர்காலத்தில் அது நீலவாலாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் மட்டும் அதை நீலவால் ஆக்கிவிடக் கூடாது.

வானை நிறுத்தும்போது ஓட்டுநரிடம் கம்பத்துக்கு நேரே நிறுத்தாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள். நேர் கீழே நின்றால் வயிறு மட்டும்தான் தெரியும். யன்னலைத் திறந்து உள்ளே இருந்தபடியே பாருங்கள், கதவு திறந்தால் பஞ்சுருட்டான் போய்விடும். முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை தெரிகிற இடங்களில் எந்தப் பறவைக்காகவும் வீதியை விட்டு இறங்க வேண்டாம். படைமுகாம் வேலிக்கு எதிரே தொலைநோக்கியையும் கமராவையும் தூக்காதீர்கள், வேலிக் கம்பியில் பனங்காடையே இருந்தாலும் சரி.