மெல்லிய முப்பட்டகங்களைச் சேர்க்கும்போது எங்கே கணக்கு தவறுகிறது

கிரௌன் கண்ணாடியில் 10° முப்பட்டகம் ஒன்று இருக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் மஞ்சளுக்கு 1.5168, நீலத்துக்கு 1.52238, சிவப்புக்கு 1.51432. இதோடு சேர்க்கும் பிளின்ட் கண்ணாடிக்கு இதே வரிசையில் 1.62004, 1.63208, 1.61503. பிளின்ட்டின் கோணம் என்ன?

முதல் தவறு, எதை நீக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமலே கணக்கில் இறங்குவது. விலகலை நீக்க, (n−1)A இரண்டிலும் சமமாக வேண்டும்; n மஞ்சளுக்கான ஒளிவிலகல் எண், A முப்பட்டகக் கோணம். 5.168-ஐ 0.62004-ஆல் வகுத்தால் 8.33° வரும். நிறப்பிரிகையை நீக்க, நீலம், சிவப்பு எண்களின் வித்தியாசத்தைக் கோணத்தால் பெருக்கியது சமமாக வேண்டும். கிரௌனில் அந்த வித்தியாசம் 0.00806, பிளின்ட்டில் 0.01705. கோணம் 4.73°தான். இரண்டையும் ஒரே ஜோடி நீக்காது. கண்ணாடிகளின் நிறப்பிரிகை திறன், அதாவது நீலம், சிவப்பு எண்களின் வித்தியாசத்தை n−1-ஆல் வகுத்தது, சமமாக இருந்தால் மட்டுமே இரண்டும் சேர்ந்து நீங்கும். அப்போது விலகலும் மிஞ்சாது, நிறமும் மிஞ்சாது, சேர்த்ததில் பயனே இல்லை. எல்லாக் கண்ணாடியும் அப்படித்தான் என்று நியூட்டன் நம்பியதால்தான் நிறப்பிழை இல்லாத வில்லை முடியாது என்றார்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் எண்களைச் சுருக்குவது. இரண்டு தசம இடங்களோடு நிறுத்தினால் கிரௌனுக்கு 1.52, 1.51, பிளின்ட்டுக்கு 1.63, 1.62. இரண்டிலும் வித்தியாசம் 0.01. கோணம் 10° என்று வந்துவிடும், சரியான விடையின் இருமடங்குக்கும் மேல். மிஞ்சும் விலகலும் கிரௌன் பக்கம் 2.24° என்பதற்குப் பதிலாக பிளின்ட் பக்கம் சுமார் 1° என்று திசையே மாறிவிடும். நமக்கு வேண்டியது மூன்றாம் தசம இடத்தில் இருக்கும் சிறு வித்தியாசம் என்பதால், ஐந்து இடங்களை வைத்துக்கொண்டு கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.

அடுத்தது பொருத்துவதில் வரும் தவறு. ஒன்றின் முனை இருக்கும் பக்கம் மற்றதன் அடி இருக்க வேண்டும். ஒரே பக்கமாக வைத்தால் விலகல்கள் கூடி சுமார் 8.1° ஆகிவிடும். மெல்லிய துண்டுகளில் முனையைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம், பென்சிலால் குறித்துவிடுங்கள். பிறகு குறுகிய பிளவு வழியாக வரும் வெள்ளொளியைத் திரையில் விழவிட்டுப் பாருங்கள். 4.73° ஜோடியில் பிளவின் பிம்பம் கிரௌனின் அடிப்பக்கம் நகர்ந்திருக்கும், ஓரங்களில் நிறம் ஏறக்குறைய தெரியாது. முழுக்கப் போகாது, ஏனென்றால் நீலத்தையும் சிவப்பையும் மட்டுமே ஒன்றாக்கினோம். நடுவிலுள்ள நிறங்கள் சிறிது விலகியே நிற்கும். 8.33° ஜோடியில் மஞ்சள் நேர்கோட்டில் இருக்கும். நீலம் பிளின்ட்டின் அடிப்பக்கமும் சிவப்பு எதிர்ப்பக்கமும் 0.06° அளவுக்குப் பிரியும். ஒரு மீட்டர் தள்ளி வைத்த திரையில் இது ஒரு மில்லிமீட்டர்தான், ஆகவே பிளவு அதைவிட நன்கு குறுகலாக இருக்கட்டும்.

இந்தச் சூத்திரம் சிறு கோணங்களுக்கு மட்டுமே. நேர்நோக்கு நிறமாலைமானியில் இருப்பவை பெரிய கோண முப்பட்டகங்கள். அவற்றுக்கு ஒவ்வொரு பரப்பிலும் ஸ்நெல் விதியைப் போட்டுத்தான் கணக்கிட வேண்டும்.