சல்லடை தேர்ந்தெடுக்காது: நெஃப்ரான் வினாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாதிமைப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்காக எங்கள் தோட்டப்புற நகரத்தில் மாலை வகுப்பு எடுத்துவரும் எனக்கு, ஆண்டுதோறும் விடைத்தாளில் தவறாமல் கண்ணில் படும் வாக்கியம் ஒன்று உண்டு: "சிறுநீரகம் இரத்தத்திலுள்ள கழிவை மட்டும் வடிகட்டிச் சிறுநீராக வெளியேற்றுகிறது." பேச்சுவழக்கில் இது போதும். ஆனால் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானின் படிகளைக் கேட்கும் வினாவுக்கு இதையே அடித்தளமாகக் கொண்டு விடை எழுதத் தொடங்கினால், அதன்பின் வரும் ஒவ்வொரு படியும் தடம் மாறிப் போகிறது.

பால்மரக் காட்டில் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் பால் வடிகட்டும் சல்லடையை நினைவுபடுத்துவது வழக்கம். வாளியிலிருந்து பாலை ஊற்றும்போது இலை, பட்டைத்துண்டு, உறைந்த கட்டி ஆகியவை மேலே தங்கிவிடுகின்றன. பாலும் அதில் கலந்த மழைநீரும் சேர்ந்தே கீழே இறங்குகின்றன. எது நல்லது, எது வேண்டாதது என்று சல்லடைக்குத் தெரியாது. அது அறிந்தது அளவு ஒன்றே. கிளாமருலஸ் எனும் தந்துகிக் கொத்தும் பெரும்பாலும் அப்படித்தான் இயங்குகிறது. இரத்த அணுக்களும் அல்புமின் போன்ற பெரிய புரதங்களும் இரத்தத்திலேயே தங்கிவிட, நீர், உப்புகள், குளுக்கோஸ், அமினோ அமிலம், யூரியா ஆகிய அனைத்தும் பௌமானின் கிண்ணத்துக்குள் ஒன்றாக விழுகின்றன. புரதத்தைத் தடுப்பதில் சவ்வின் மின்னூட்டத்துக்கும் பங்குண்டு என்றாலும், நுழைவுத் தேர்வு அளவுக்கு "அளவின்படி வடிகட்டல்" என்பதே போதுமான விடையாகும்.

கிண்ணத்தில் விழும் இந்த நீர்மத்தைச் சிறுநீர் என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. அது வடிநீர். நலமுள்ள பெரியவர் ஒருவரின் இரு சிறுநீரகங்களிலும் நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிநீர் உருவாகிறது. வெளியேறும் சிறுநீரோ ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு நீர் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது என்பதை இந்த இரண்டு எண்களிலிருந்தே மாணவர் கண்டுகொள்ளலாம். கிண்ணத்தைத் தொடர்ந்து செல்லும் நுண்குழலின் எந்தப் பகுதி எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற நீண்ட பட்டியலை மனனம் செய்வதைவிட இதுவே பயன் தரும். கிளாமருலஸிலிருந்து வெளிச்செல்லும் நாளத்தைச் சிரை என்று குறிப்பதையும் அடிக்கடி காண்கிறேன். அது நுண்தமனி. பிளாஸ்மாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே வடிந்திருக்க, மீதி இரத்தம் அதன் வழியே சென்று நுண்குழல்களைச் சூழ்ந்த தந்துகிகளுக்குள் புகுந்து, திரும்பி வரும் பொருள்களை அங்கே ஏற்றுக்கொள்கிறது.

உண்மையில் தேர்ந்தெடுக்கும் வேலை நடப்பது நுண்குழலில்தான். பயனுள்ளவை நுண்குழலிலிருந்து இரத்தத்துக்குத் திரும்புவது மீளுறிஞ்சல். இரத்தத்தில் எஞ்சியிருக்கும் சில பொருள்கள், குறிப்பாக ஹைட்ரஜன் அயனி, பொட்டாசியம், சில மருந்துகள், இரத்தத்திலிருந்து நுண்குழலுக்குள் சேர்க்கப்படுவது சுரத்தல். இரண்டின் திசையும் எதிரெதிர். மலாய் மொழியில் உயிரியல் படித்த மாணவர்கள் 'ரெம்பேசான்' என்பதையும் 'பெர்குமுஹான்' என்பதையும் மாற்றி எழுதிவிடுவதற்குக் காரணம், சுரத்தலையும் கழிவகற்றலையும் ஒரே செயலாக நினைப்பதுதான். முன்னது நெஃப்ரானுக்குள் நிகழும் ஒரு படி, பின்னது உடலை விட்டு வெளியேறும் முடிவு. படம் வரையும்போது அம்புக்குறி இரத்த நாளத்திலிருந்து தொடங்குகிறதா, நுண்குழலிலிருந்து தொடங்குகிறதா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தோன்றாது.

இவை அனைத்தும் ஒரே இடத்தில் சோதிக்கப்படும் வினா ஒன்றைப் பார்ப்போம். ஐம்பத்தைந்து வயதுடைய தோட்டத் தொழிலாளி ஒருவரின் இரத்தக் குளுக்கோஸ் லிட்டருக்கு 20 மில்லிமோல். சிறுநீர்ச் சோதனைப் பட்டை குளுக்கோஸ் இருப்பதைக் காட்டுகிறது, புரதம் இல்லை என்கிறது. நெஃப்ரானின் எந்தப் பகுதி பழுதடைந்துள்ளது? எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் கிளாமருலஸ் என்றே எழுதினார்கள். குளுக்கோஸ் சல்லடையைத் தாண்டி வந்துவிட்டது, ஆகவே சல்லடை கிழிந்திருக்கிறது என்பது அவர்களுடைய தர்க்கம். ஆனால் குளுக்கோஸ் நம் எல்லோரிடத்திலும் ஒவ்வொரு நிமிடமும் சல்லடையைத் தாண்டுகிறது. லிட்டருக்கு 5 மில்லிமோல் அளவில் இருக்கும்போது, ஒரு மில்லிமோல் குளுக்கோஸ் 180 மில்லிகிராம் எடையுள்ளது என்பதால், லிட்டருக்கு 900 மில்லிகிராம். அதை நிமிடத்துக்கு 0.125 லிட்டரால் பெருக்கினால் சுமார் 112 மில்லிகிராம் வடிகிறது. அண்மைச் சுருண்ட நுண்குழலில் இருக்கும் கடத்திப் புரதங்கள் அத்தனையையும் இரத்தத்துக்குத் திருப்பிவிடுவதால் சிறுநீரில் ஒன்றும் தெரிவதில்லை.

அந்தக் கடத்திகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. ஆண்களில் நிமிடத்துக்குச் சுமார் 375 மில்லிகிராமுக்கு மேல் அவற்றால் தூக்க முடியாது. நம் தொழிலாளிக்கு வடிவதோ 20ஐ 180ஆலும் 0.125ஆலும் பெருக்கினால் கிடைக்கும் 450 மில்லிகிராம். ஆக நிமிடத்துக்கு 75 மில்லிகிராம், மணிக்கு நான்கரை கிராம் குளுக்கோஸ் சிறுநீரோடு போகிறது. எந்தப் பகுதியும் பழுதடையவில்லை. சுமை கூடிவிட்டது, அவ்வளவுதான். மீந்த குளுக்கோஸ் நுண்குழலுக்குள் நீரையும் பிடித்துவைப்பதால் அவர் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார், அதனால் தாகம் எடுக்கிறது. நீரிழிவு எனும் இந்நோயை 'இனிப்பு நீர்' என்று அழைத்த நம் பெரியவர்கள் சொன்னது வெறும் உவமை அன்று, உள்ளதை உள்ளபடியே சொன்ன பெயர்.

இங்கே கூர்மையான மாணவி ஒருத்தி குறுக்கிட்டாள்: "அப்படியென்றால், ஐயா, லிட்டருக்கு 10 மில்லிமோல் அளவிலேயே குளுக்கோஸ் தெரியத் தொடங்கும் என்று புத்தகத்தில் இருக்கிறதே? அந்த அளவில் வடிவது 225 மில்லிகிராம்தானே?" நியாயமான கேள்வி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் உள்ள ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்களும் ஒரே வலிமை உடையவை அல்ல. சிலவற்றின் கடத்திகள் முன்னதாகவே நிறைந்துவிடுவதால் ஒழுக்கும் முன்னதாகவே தொடங்குகிறது. 375 என்பது எல்லா நெஃப்ரான்களும் நிறைந்தபின் கிடைக்கும் மொத்தம். அதனால் மேலே நாம் கண்ட 75 மில்லிகிராமும் குறைந்தபட்சக் கணக்கே. தொடக்க வரம்பைக் கேட்டால் 10 மில்லிமோல் என்று எழுத வேண்டும். உச்ச வேகத்தைக் கேட்டால் மட்டுமே 375 மில்லிகிராம்.

அதே பட்டையில் புரதம் தெரிந்திருந்தால் கதை வேறு. அல்புமின் தாண்டக்கூடாத சல்லடையைத் தொடர்ந்து தாண்டுகிறது என்றால், கிளாமருலஸின் சவ்வு பழுதடைந்திருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும். காய்ச்சலின்போதோ கடும் உழைப்புக்குப் பிறகோ சிறிதளவு புரதம் தற்காலிகமாகத் தெரிவதுண்டு என்பதால் ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை. நீண்ட காலம் கட்டுப்பாடின்றி இருந்த நீரிழிவு இந்தச் சவ்வையும் தாக்கும். அப்போது குளுக்கோஸ், புரதம் இரண்டும் ஒன்றாகத் தெரியலாம், ஆனால் காரணங்கள் இரண்டும் தனித்தனியானவை.

எதிர்ப்புறத்திலும் ஒரு பொறி இருக்கிறது. சிறுநீரில் குளுக்கோஸ் கண்டாலே இரத்தத்தில் அது உயர்ந்திருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் அண்மைச் சுருண்ட நுண்குழலின் கடத்தியையே தடுப்பதால், அவற்றை உட்கொள்பவரின் இரத்தக் குளுக்கோஸ் லிட்டருக்கு 6 மில்லிமோலாக இருந்தாலும் பட்டை நிறம் மாறும். வினாவில் மருந்தின் பெயர் ஒன்று கொடுக்கப்பட்டிருந்தால், அது எந்தப் படியில் கைவைக்கிறது என்று பார்த்தபின்பே விடையைக் குறிக்க வேண்டும்.