ஃபனல் சார்ட் போடும்போது எண்ணுவது ஒரே ஆட்களையா?

ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பதை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டைகளில் காட்டும் படம்தான் ஃபனல் சார்ட். ஆன்லைன் கடைக்கு வந்தவர்கள் 1000, கூடையில் போட்டவர்கள் 200, முகவரி தந்தவர்கள் 120, பணம் கட்டியவர்கள் 90 என்று வைப்போம். எக்செல் 2019-இல் எண்களை B2 முதல் B5 வரை இட்டு, Insert பகுதியில் Funnel கொடுத்தால் படம் தயார்.

முதல் பட்டை மிக அகலமாக இருப்பதால் கடைசி இழப்பு கண்ணில் படாது. C3-இல் `=B3/B2` போட்டுக் கீழே இழுங்கள். சதவீத வடிவத்துக்கு மாற்றினால் கடைசிக் கட்டத்தில் 75% வரும். அதாவது முகவரிவரை வந்தவர்களில் கால்வாசிப் பேர் பணம் கட்டவில்லை.

பெரிய ஏமாற்று வேறு. ஜூன் வருகையோடு ஜூன் வசூலை வைத்தால், மே மாதம் வந்து ஜூனில் கட்டியவர்களும் உள்ளே நுழைந்துவிடுவார்கள். ஜூனில் வந்தவர்களை மட்டும் பின்தொடர்ந்து எண்ணுங்கள். கீழ்ப்பட்டை மேல்பட்டையைவிட அகலமானால் இந்தக் கலப்படமாக இருக்கலாம், அல்லது ‘உடனே வாங்கு’ பொத்தானை அழுத்திச் சிலர் கூடையைத் தாண்டியிருக்கலாம்.