சளி பிடித்தால் பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒருவருக்கு மூக்கு ஒழுகத் தொடங்கினால் முதலில் நிறுத்தப்படுவது பாலும் தயிரும்தான். இரவில் தயிர்சாதம் என்றால் பேச்சுக்கே இடமில்லை. பால் சளியைக் கூட்டும் என்பது இந்தப் பத்தியத்தின் அடிப்படை. கூட்டுகிறதா இல்லையா என்பதை அளந்து பார்க்க முடியும், பார்த்தும் இருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 60 ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸை ஆய்வாளர்கள் செலுத்தி, 10 நாட்கள் அவர்களைக் கவனித்தார்கள். முடிவு 1990இல் வெளியானது. பாலே குடிக்காதவர் முதல் நாளுக்கு 11 குவளை குடித்தவர் வரை அதில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மூக்கிலிருந்து வந்த சளியை எடை போட்டுப் பார்த்தபோது, குடித்த பாலின் அளவுக்கும் அந்த எடைக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வில் அதைவிடச் சுவையான செய்தி வேறொன்று உண்டு: பால் சளியைக் கூட்டும் என்று முன்பே நம்பியவர்கள் தங்களுக்கு இருமலும் அடைப்பும் அதிகம் என்று சொன்னார்கள், ஆனால் அவர்களுடைய சளியின் எடை மற்றவர்களுடையதைவிட அதிகமாக இல்லை.

அப்படியானால் பால் குடித்ததும் தொண்டையில் ஏதோ கட்டியது போல இருப்பது பொய்யா என்றால், பொய் இல்லை. பால் உமிழ்நீருடன் கலக்கும்போது கெட்டிப்பட்டு நாக்கின் பின்புறத்திலும் தொண்டையிலும் சற்று நேரம் மெல்லிய படலமாகப் படிகிறது. அதைக் கோழை என்று எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. 1993இல் வெளியான மற்றோர் ஆய்வில், வேறுபாடு தெரியாதபடி சுவையூட்டிய பசும்பாலையும் சோயா பானத்தையும் கொடுத்தபோது, இரண்டைக் குடித்தவர்களும் ஒரே மாதிரியான பிசுபிசுப்பையே சொன்னார்கள். அது தொந்தரவாக இருந்தால் பால் குடித்த பின் இரண்டு வாய் வெந்நீர் குடித்தால் போதும்.

இரண்டாவது தவறு, நேற்றுச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவது. சனிக்கிழமை இரவு கல்யாண வரவேற்பில் ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைக்கு ஞாயிறு காலை மூக்கு ஒழுகினால் குற்றவாளி ஐஸ்கிரீம் என்று வீடே தீர்ப்பு எழுதிவிடும். ஆனால் வைரஸ் உடலில் நுழைந்து அறிகுறி தெரிவதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும் என்பதால், அந்தக் குழந்தைக்குத் தொற்று வியாழன் அல்லது வெள்ளியன்று, அநேகமாகப் பள்ளியில், வந்திருக்கும். திங்களன்று தயிர்சாதம் கொடுத்து, செவ்வாயன்று சளி மஞ்சளாகக் கெட்டிப்பட்டால் தயிரும் மாட்டிக்கொள்கிறது. உண்மையில் சளி இரண்டு மூன்று நாட்களில் கெட்டிப்பட்டு நிறம் மாறுவது, வைரஸை எதிர்த்து வரும் வெள்ளையணுக்களால் நிகழும் வழக்கமான கட்டம். தயிர் சாப்பிடாத குழந்தைக்கும் அது அப்படித்தான் மாறும்.

குளிர்ந்த பானங்களின் கதை சற்று வேறு. 1978இல் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஒரு சிறிய சோதனையில், வெந்நீர் மூக்கினுள் சளி நகரும் வேகத்தைச் சற்று நேரம் கூட்டியது, குளிர்ந்த நீர் குறைத்தது. ஆகவே சளி பிடித்த நேரத்தில் ரசமோ சுக்குக் காபியோ இதமாக இருப்பதற்கும், ஐஸ் தண்ணீர் மூக்கை இன்னும் அடைப்பது போலத் தோன்றுவதற்கும் காரணம் இருக்கிறது. அதனால் நோய் நீளும் என்று அந்தச் சோதனை காட்டவில்லை. தொண்டை வலியால் எதையும் விழுங்க மறுக்கும் குழந்தைக்குக் கொஞ்சம் ஐஸ்கிரீம் வலியைத் தணிக்கவும் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சில்லென்ற பானம் இருமலைத் தூண்டலாம்; குடித்த சிறிது நேரத்தில் ஒவ்வொரு முறையும் இருமலோ வீசிங்கோ வந்தால் அவர்கள் அதைத் தவிர்ப்பதே சரி. பால் ஒவ்வாமையும் தனி விஷயம்: அதில் தோல் தடிப்பு, வாந்தி, மலத்தில் இரத்தம் போன்றவை சளி இல்லாத நாட்களிலும் தெரியும்.

உண்மையில் கெடுதல் செய்யும் தவறு, பாலையே பெரிதும் நம்பியிருக்கும் சிறு குழந்தைக்கு அதை ஒரு வாரம் நிறுத்திவிடுவதுதான். பசி மந்தமான நாட்களில் அதற்குக் கிடைக்கும் நீரும் ஊட்டமும் பெரும்பாலும் அந்தப் பாலிலிருந்துதான் வருகின்றன. தாய்ப்பாலை எந்தச் சளிக்காகவும் நிறுத்தக் கூடாது; தாய் தயிர் சாப்பிட்டதால் பிள்ளைக்குச் சளி பிடிப்பதும் இல்லை. மூக்கடைப்பால் குழந்தை பால் குடிக்கத் திணறினால், பாலூட்டுவதற்குச் சற்று முன் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கலாம். மூச்சு வேகமாகி விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, குழந்தை பாலே குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.