போஸ்டிங் நடுவே லீவ் கேட்கப் போகிறீர்களா? முதலில் 80 சதவீதக் கணக்கு

அக்கா கல்யாணம், அண்ணன் நிச்சயதார்த்தம், வெளியூரில் ஒரு மாநாடு என்று எம்.பி.பி.எஸ். படிப்பவர்களுக்கும் முன்கூட்டியே தெரிந்த விசேஷங்கள் வரத்தான் செய்யும். அதற்கு லீவ் கேட்பதில் தவறில்லை. துறை துறையாக வார்டில் போய்ப் படிக்கும் கிளினிக்கல் போஸ்டிங் நடக்கும்போது கேட்கும் லீவில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். சிக்கியிருப்பது அவர்களுக்கே தெரிய வருவது பல மாதம் கழித்து, பல்கலைக்கழகத் தேர்வுக்கான அட்டெண்டன்ஸ் பட்டியலைப் பார்க்கும்போது. அந்த நேரத்தில் துறைத் தலைவரான எச்.ஓ.டி.யால்கூடப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

முதல் தவறு கணக்கிலேயே நடக்கிறது. தேர்வு எழுத தியரி வகுப்பில் 75 சதவீதமும், பிராக்டிகல், கிளினிக்கலில் 80 சதவீதமும் வருகை வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே சராசரியாக மனதில் வைத்துக்கொள்கிறார்கள். தியரியில் 95 வைத்திருப்பது கிளினிக்கலில் விழுந்த பள்ளத்தை நிரப்பாது. அது மட்டுமல்ல, பொது அறுவை மருத்துவமும் அதன் துணைத் துறைகளும்போல ஒரே தேர்வில் பல துறைகள் சேர்ந்து வரும் இடங்களில், ஒவ்வொரு கிளினிக்கல் போஸ்டிங்கிலும் தனித்தனியாக 80 சதவீதம் வேண்டும். சர்ஜரியில் ஒரு நாள்கூட விடாமல் போயிருந்தாலும் ஆர்த்தோவில் குறைந்தால் குறைந்ததுதான். அதனால் "வருஷத்துக்கு இத்தனை நாள் லீவ் போடலாம்" என்று மொத்தமாகப் போடும் கணக்கு உதவாது. லீவ் விழும் அந்த ஒரு போஸ்டிங்கை மட்டும் எடுத்து எண்ண வேண்டும்.

எண்ணும்போது சின்ன போஸ்டிங்தான் ஆபத்தானது. இரண்டாம் கட்டத்தில் கிளினிக்கல் வாரத்துக்கு 15 மணி நேரம், அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 3 மணி நேரம். நான்கு வார மெடிசின் போஸ்டிங் என்றால் 20 நாள் வகுப்பு. அதில் 16 நாள் வந்தால் போதும், 4 நாள் விடலாம். இரண்டு வாரப் போஸ்டிங்கில் 10 நாள்தான் வகுப்பு, 2 நாளுக்கு மேல் விட முடியாது. ஒரு வாரப் போஸ்டிங்கில் ஒரே ஒரு நாள். ஆகவே அதே மூன்று நாள் லீவ், மெடிசினில் விழுந்தால் பிரச்சினையே இல்லை, இரண்டு வார ஆர்த்தோவில் விழுந்தால் அந்தப் போஸ்டிங்கே போச்சு.

இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள். போஸ்டிங்கில் ஒரு அரசு விடுமுறை வந்தால், "நல்லது, ஒரு நாள் கிடைத்தது" என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது உங்கள் கையிருப்பைக் குறைக்கிறது. வகுப்பு நடக்காத நாள் மொத்தத்திலிருந்தே கழிந்துவிடும். 10 நாள் 9 ஆகிவிட்டால், அதில் 80 சதவீதம் 7.2. ஏழு நாள் வந்தால் 77.8 சதவீதம்தான் வரும், ஆகவே 8 நாள் வர வேண்டும். விடக்கூடியது 2 நாளிலிருந்து ஒரே நாளாகக் குறைந்துவிட்டது. கணக்கில் புள்ளிக்குப் பின்னால் எண் வந்தால் எப்போதும் மேல் எண்ணுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு மாணவியின் கதையை எடுத்துக்கொள்வோம். கல்லூரி கோவையில், வீடு திருநெல்வேலியில். ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் கல்யாணம். அந்த வாரம் அவளுக்கு இரண்டு வார ஆர்த்தோ போஸ்டிங்கின் கடைசி வாரம். முதல் வாரத் திங்கள்கிழமை விநாயகர் சதுர்த்தி. வீட்டில் "புதன்கிழமையே வந்துவிடு, பந்தக்கால் நடும்போது நீ இருக்க வேண்டும்" என்கிறார்கள். புதன், வியாழன், வெள்ளி என மூன்று நாள் போனால் 9க்கு 6, அதாவது 66.7 சதவீதம். புதன்கிழமை வார்டு முடித்துவிட்டு அன்று இரவு பஸ் ஏறினால் இரண்டு நாள்தான் போகும். அப்போதும் 9க்கு 7, இன்னும் ஒரு நாள் குறைகிறது. அந்த ஒரு நாளுக்குத்தான் அவள் ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று நாளை ஈடுகட்ட வழி கேட்பதற்கும் ஒரு நாளை ஈடுகட்ட வழி கேட்பதற்கும் எச்.ஓ.டி. அறையில் நிறைய வித்தியாசம் உண்டு. கணக்கைப் போட்டுவிட்டு உள்ளே போகிறவளுக்குப் பேச்சும் சுருக்கமாக முடியும்.

அடுத்தது, லீவ் கிடைத்தால் அட்டெண்டன்ஸும் கிடைத்த மாதிரி என்ற நம்பிக்கை. எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். லீவ் லெட்டரில் கையெழுத்து வாங்கினால், நீங்கள் சொல்லாமல் போகவில்லை என்பது உறுதியாகிறது. ரெஜிஸ்டரில் அன்றைக்கு 'ஆப்சென்ட்' என்பது அப்படியே இருக்கும். மருத்துவச் சான்றிதழுக்கும் இதே நிலைதான். சதவீதம் குறைந்தவர்களுக்கு மன்னிப்பு வழங்கும் ஏற்பாடு இருந்தாலும் அது எதிர்பாராத நிலைமைக்கானது. அதை நம்பி கல்யாண டிக்கெட் எடுக்கக் கூடாது. ஹவுஸ் சர்ஜன் அண்ணன்கள் "எங்களுக்கு வருஷத்துக்கு 15 நாள் லீவ் உண்டே" என்று சொல்வதும் சேர்ந்து குழப்பும். அது பயிற்சி மருத்துவர்களுக்கான விதி, படிக்கும் மாணவர்களுக்கு அப்படி ஒரு லீவ் கணக்கு கிடையாது.

யாரிடம் கேட்பது என்பதிலும் தவறு நடக்கிறது. வார்டில் தினமும் பார்ப்பது பி.ஜி.யையும் அசிஸ்டென்ட் புரொபசரையும்தான் என்பதால் அவர்களிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, "சரி, போய்ட்டு வா" என்றதும் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் அந்த பி.ஜி. வேறு யூனிட்டுக்கு மாறியிருப்பார். வார்டன் கையெழுத்து ஹாஸ்டலை விட்டு வெளியே போவதற்கு மட்டும்தான். யூனிட் சீஃபிடம் முதலில் நேரில் சொல்லி, அவர் பரிந்துரையோடு எச்.ஓ.டி.க்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கல்லூரியில் துணை முதல்வர் அல்லது டீன் வழியாகத்தான் லீவ் போக வேண்டும் என்ற நடைமுறை இருந்தால் அதையும் முடிக்க வேண்டும். போஸ்டிங் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பேட்ச் அட்டவணையைப் பார்த்து வேறு வழி சொல்ல எச்.ஓ.டி.க்கு அப்போதுதான் நேரம் இருக்கும். முந்தின நாள் மாலை போய் நின்றால் அவரால் சொல்ல முடிந்தது ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

லெட்டரில் "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். படிப்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. மேலே சொன்ன மாணவி இப்படி எழுதலாம்: "என் சகோதரியின் திருமணம் வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் நடைபெறுகிறது. இரண்டாவது வாரம் வியாழன், வெள்ளி ஆகிய இரு நாள்கள் மட்டும் விடுப்பு வேண்டுகிறேன். விடுமுறை நீங்கலாக இந்தப் போஸ்டிங்கில் 9 வகுப்புகள் உள்ளன. 80 சதவீதத்துக்கு 8 வேண்டும், எனக்கு 7 இருக்கும். குறையும் ஒரு வகுப்பை அடுத்த பேட்ச்சுடன், தாங்கள் குறிப்பிடும் நாளில் வந்து ஈடுசெய்ய அனுமதி கோருகிறேன்." தேதிகளையும், பேட்ச், ரோல் நம்பரையும் சேர்த்து, கல்யாணப் பத்திரிகையை இணைத்தால் போதும். சோகக் கதை தேவையில்லை.

ஈடுசெய்யும் வகுப்பைத் துறை அனுமதித்தால்தான் உண்டு. சில துறைகளில் அனுமதிக்கவே மாட்டார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அந்த மாணவி கல்யாண நாளுக்கு மட்டும் போய்வர வேண்டியிருக்கும். வியாழன் வார்டு முடித்துவிட்டு இரவு பஸ் பிடித்தால் வெள்ளி காலை மண்டபத்தில் இருக்கலாம். முதல்நாள் நலங்கு போய்விடும், அது வருத்தம்தான். ஆனால் 9க்கு 8 நிற்கும். அனுமதி கிடைத்தாலும் வாய்மொழியாக விட்டுவிடாமல், எந்த நாள், எந்த பேட்ச்சுடன், எந்த ரெஜிஸ்டரில் பதிவாகும் என்பதை அதே லெட்டரிலேயே எச்.ஓ.டி. எழுதிக் கையெழுத்திடும்படி கேட்க வேண்டும். அடுத்த பேட்ச்சின் ரெஜிஸ்டரில் உங்கள் பெயரே இருக்காது என்பதால், போய் நின்றுவிட்டு வந்தால் மட்டும் பதிவு தானாக ஏறாது.

எந்த நாளை விடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். போஸ்டிங்கின் கடைசி நாளில் வார்டு டெஸ்ட் வைப்பது பல துறைகளின் வழக்கம். அதன் மதிப்பெண் இன்டர்னல் கணக்குக்குப் போகும். அட்டெண்டன்ஸ் தப்பித்தும் இந்த மதிப்பெண் இல்லாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் மாணவி கேட்கும் வெள்ளிக்கிழமையே கடைசி நாள் என்பதால், டெஸ்டை எப்போது எழுதலாம் என்பதையும் அவள் முன்பே கேட்டுவிட வேண்டும். லாக்புக்கில் கையெழுத்து வாங்க வேண்டிய செய்முறை அந்த நாளில் வருகிறதா என்று பேட்ச்மேட்டிடம் விசாரிப்பதும் நல்லது.

விடக்கூடிய நாள்களை முழுவதுமாக லீவுக்கே திட்டமிடுவது இன்னொரு தவறு. 20 நாள் போஸ்டிங்கில் 4 நாளையும் சுற்றுலாவுக்கு எடுத்துவிட்டு, மூன்றாவது வாரம் டைபாய்டு வந்தால் என்ன செய்வது? வார்டில் நிற்பவர்களுக்குக் காய்ச்சல் வருவது அபூர்வமில்லை. இரண்டு நாளாவது கையில் வைத்துக்கொண்டுதான் மீதியைத் திட்டமிட வேண்டும்.

கல்யாணத்துக்குப் போய்விட்டு வைரல் காய்ச்சல் என்று சான்றிதழ் கொண்டுவருவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பொய்ச் சான்றிதழ் எழுதும் மருத்துவர் மீது மருத்துவக் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். நாளைக்கு அந்தச் சான்றிதழில் கையெழுத்திடும் இடத்தில் இருக்கப் போவது நீங்கள்தான். நண்பனை விட்டு ப்ராக்ஸி போடுவதும் இதே வகைதான், அதில் இரண்டு பேர் மாட்டுவார்கள். இத்தனைக்கும் நேராகக் கேட்டால் இரண்டு நாள் லீவை மறுக்கும் எச்.ஓ.டி.க்கள் குறைவு.

திரும்பி வந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. போஸ்டிங் முடிந்த வாரமே துறை அலுவலகத்துக்குப் போய் உங்கள் பெயருக்கு எதிரே எத்தனைக்கு எத்தனை என்று பார்த்துவிடுங்கள். ஈடுசெய்த வகுப்பு ஏறவில்லை என்றால், கையெழுத்தான லெட்டரின் நகலைக் காட்டி அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நகல் தேர்வுப் பட்டியல் வரும் வரை உங்களிடமே இருக்கட்டும், மொபைலிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.