இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்துக் கேளுங்கள்

பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் அக்கா ஒருவர் வந்தார். வயது 36. "முன்ன மாதிரி மூச்சுப் பிடிக்க முடியல தம்பி" என்றார்.

மணிக்கட்டில் நாடி தாறுமாறாக ஓடியது. இப்படி இருந்தால் 15 வினாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், முழு நிமிடம் எண்ணுங்கள். கையில் 88, அதே நிமிடத்தில் இன்னொருவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணியது 112. சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேரவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம்.

அடுத்து நெஞ்சில் கை. நுனித்துடிப்பு ஐந்தாவது விலா இடைவெளியில், இடம் மாறாமல்தான் இருந்தது. ஆனால் விரல் நுனியில் சுருக்கென்று தட்டிவிட்டுப் போனது. சத்தமான முதல் இதய ஒலியைத்தான் கை அப்படி உணர்கிறது. மைட்ரல் வால்வு சுருக்கத்தை அங்கேயே சந்தேகிக்க வேண்டும்.

மல்லாக்கப் படுத்திருந்தபோது முணுமுணுப்பு கேட்கவில்லை. இடப்பக்கம் திருப்பி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, துடிப்பு தட்டுகிற இடத்திலேயே பெல்லை லேசாக வைத்தேன். இரண்டாம் ஒலிக்குப் பின் தூரத்து வல்லத்து எஞ்சின் போல ஓர் உறுமல். பெல்லை அழுத்தினால் தோல் இறுகி டயஃப்ரமாகிவிடும், அந்தத் தாழ்ந்த ஒலி மறைந்துவிடும். நான் படித்த காலத்தில் அழுத்தி அழுத்தியே பலமுறை கோட்டை விட்டிருக்கிறேன். அப்புறம், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்!

அப்படியும் கேட்காவிட்டால், சில முறை எழுந்து உட்காரச் சொல்லி உடனே கேளுங்கள். சுருக்கம் எவ்வளவு என்பதை எக்கோதான் சொல்லும்.